ஒரே அறைக்கான மின் வரைபடத்திலிருந்து பைப், ஒயர், சுவிட்ச் பாக்ஸ் கணக்கெடுக்கும் முறை

வீட்டு வயரிங்குக்குப் பொருள் கணக்கெடுக்கும்போது பலரும் செய்கிற தவறு, வரைபடத்தில் உள்ள பாயிண்டுகளை எண்ணி, ஒரு பாயிண்டுக்கு இத்தனை அடி என்று பெருக்கிவிடுவதாகும். முழு வீட்டுக்கும் தோராயமான செலவு சொல்ல அது போதும். ஆனால் கடைக்குப் பட்டியல் எழுதும்போது அந்தக் கணக்கு ஓர் இடத்தில் மிஞ்சும், இன்னோர் இடத்தில் போதாமல் போகும். பைப்பை அது செல்லும் தடத்தை வைத்தும், ஒயரை ஒவ்வொரு தடத்துக்குள்ளும் எத்தனை கம்பி ஓடுகிறது என்பதை வைத்தும், பாக்ஸை அதில் உட்காரும் மாட்யூல்களை வைத்தும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். மூன்றும் ஒரே வரைபடத்திலிருந்து வந்தாலும், ஒன்றின் எண்ணிக்கையிலிருந்து மற்றொன்றை ஊகிக்க முடியாது.

இங்கே 12 அடிக்கு 10 அடி அளவுள்ள ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் தளம் போடும் முன்பே கம்பிக் கட்டின் மேல் பைப் பதித்து, சுவரில் பள்ளம் வெட்டி இறக்கும் வழக்கமான முறையில்தான் இதன் வேலை நடக்கிறது.

வரைபடத்தில் இருப்பதும் இல்லாததும்

அறையின் நீளம் கிழக்கு மேற்காக 12 அடி. அகலம் தெற்கு வடக்காக 10 அடி. தெற்குச் சுவரின் மேற்கு ஓரத்தில் கதவு இருக்கிறது. கதவை ஒட்டி, மேற்கு மூலையிலிருந்து 4 அடி தள்ளி முதன்மை போர்டு வருகிறது. அறையின் நடுவில் மின்விசிறி. வடக்குச் சுவரின் நடுவில் டியூப் லைட். கிழக்குச் சுவரில், தெற்கு மூலையிலிருந்து 2 அடி தள்ளிக் கட்டில் ஓர போர்டு. வடக்குச் சுவரில் கிழக்கு மூலையிலிருந்து 2 அடி விட்டு ஏ.சி. பாயிண்ட். டியூப் லைட்டைக் கதவருகிலும் கட்டிலில் படுத்தபடியும் போட்டு அணைக்க வேண்டும் என்பதால் அதற்கு டூ வே சுவிட்ச் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் வரும் மின்சாரம் சர்க்யூட்டுகளாகப் பிரியும் டி.பி. பாக்ஸ் ஹாலில் உள்ளது. தளத்தின் வழியாக நேர்கோட்டில் அளந்தால், அங்கிருந்து முதன்மை போர்டின் தலைக்கு மேல் வரை 14 அடியும், ஏ.சி. பாயிண்டின் தலைக்கு மேல் வரை 26 அடியும் வருகின்றன.

இவை அனைத்தும் தாளில் தெரிபவை. தாளில் தெரியாதது உயரம். வரைபடம் அறையை மேலிருந்து பார்ப்பதால், சுவரில் இறங்கும் பைப் முழுவதும் அதில் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. நான் வேலை பழகிய நாட்களில் இப்படி ஒரு கட்டில் ஓர போர்டுக்குத் தாளில் அளந்த எட்டரை அடியை மட்டும் எழுதிக்கொண்டு போய், மேஸ்திரியின் முன்னால் பைப் போதாமல் நின்றிருக்கிறேன். அந்த எட்டரை அடித் தடம் உண்மையில் இருபத்திரண்டரை அடி என்பதைக் கீழே பார்க்கலாம்.

ஆகவே முதல் வேலையாக ஒவ்வொரு பாயிண்டின் உயரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இந்த அறையில் தளத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து 10 அடி. முதன்மை போர்டு நாலரை அடி, கட்டில் ஓர போர்டு இரண்டரை அடி, டியூப் லைட் 8 அடி, ஏ.சி. 7 அடி, டி.பி. 6 அடி உயரத்தில் வருகின்றன. பத்திலிருந்து இந்த உயரத்தைக் கழித்து, பைப் தளத்தின் கனத்துக்குள் வளைந்து ஏறுவதற்காக அரை அடி சேர்த்தால் இறக்கம் கிடைக்கும். முதன்மை போர்டுக்கு 6 அடி, கட்டில் ஓர போர்டுக்கு 8 அடி, டியூப் லைட்டுக்கு இரண்டரை அடி, ஏ.சி.க்கு மூன்றரை அடி, டி.பி.க்கு நாலரை அடி. உயரங்கள் அனைத்தும் டைல்ஸ் போட்டு முடிந்த தரையிலிருந்து அளக்கப்பட வேண்டியவை என்பதையும் மறக்கக் கூடாது.

தடங்களைப் பிரித்தல்

அடுத்து, வரைபடத்தின் மீது பென்சிலால் பைப் செல்லும் வழிகளைக் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். தளத்துக்குள் பைப் குறுக்காகவும் செல்லலாம் என்பதால் இரண்டு இடங்களுக்கு இடையிலான நேர்தூரமே போதும். முதன்மை போர்டிலிருந்து மின்விசிறிக்குக் கிழக்கே 2 அடியும் வடக்கே 5 அடியும் போக வேண்டும். அதன் குறுக்குத் தூரம் ஏறக்குறைய ஐந்தரை அடி. கட்டில் ஓர போர்டுக்குக் கிழக்கே 8 அடி, வடக்கே 2 அடி. குறுக்கே எட்டரை அடி என்று வைத்துக்கொள்ளலாம். அங்குலக் கணக்கில் துல்லியம் தேடுவதால் இங்கே பயனில்லை. தளத்துக் கம்பிகளுக்கு இடையே பைப் அவ்வளவு நேராகப் போவதும் இல்லை.

தடம் அ என்பது டி.பி.யிலிருந்து முதன்மை போர்டுக்கு வருவது. நாலரை அடி ஏற்றம், 14 அடி தளம், 6 அடி இறக்கம் சேர்ந்து 24.5 அடி. தடம் ஆ முதன்மை போர்டிலிருந்து மின்விசிறியின் பாக்ஸுக்கு. 6 அடி ஏறி ஐந்தரை அடி ஓடுவதால் 11.5 அடி. தடம் இ மின்விசிறி பாக்ஸிலிருந்து டியூப் லைட்டுக்கு. 5 அடி ஓடி இரண்டரை அடி இறங்குவதால் 7.5 அடி. தடம் ஈ முதன்மை போர்டிலிருந்து கட்டில் ஓர போர்டுக்கு; 6 அடி ஏறி, எட்டரை அடி ஓடி, 8 அடி இறங்குவதால் 22.5 அடி. தடம் உ டி.பி.யிலிருந்து நேராக ஏ.சி.க்கு, நாலரை, 26, மூன்றரை சேர்ந்து 34 அடி. ஏ.சி.க்குத் தனி சர்க்யூட் என்பதால் அதன் பைப்பை வேறு எந்தப் போர்டிலும் நுழைக்காமல் தனியாகவே விடுகிறோம்.

கட்டில் ஓர போர்டுக்கான பைப்பை மின்விசிறி பாக்ஸிலிருந்தே பிரித்துவிட்டால் 6 அடிக்கு மேல் மிச்சமாகுமே என்று கேட்பவர்கள் உண்டு. மிச்சமாவது உண்மைதான். ஆனால் அந்த போர்டின் சாக்கெட்டுக்கான ஒயர்களும் மின்விசிறிக்கு மேலே உள்ள பாக்ஸின் வழியாகப் போக வேண்டிவரும். பிறகு ஏதாவது கோளாறு என்றால் மின்விசிறியைக் கழற்றித்தான் பார்க்க முடியும். ஒரு பைப்புக்கு மேல் போகாத அந்த மிச்சத்துக்காக நான் அதைச் செய்வதில்லை.

பைப்பின் எண்ணிக்கை

அ, ஆ, இ, ஈ ஆகிய நான்கும் 20 எம்.எம்., அதாவது கடையில் முக்கால் இஞ்ச் என்று கேட்கிற பி.வி.சி. பைப். மொத்தம் 66 அடி. வெட்டும்போது வீணாகும் துண்டுகளுக்காக நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 72.6 அடி. ஒரு பைப்பின் நீளம் 3 மீட்டர். அது 10 அடிக்குச் சற்றுக் குறைவு, சரியாகச் சொன்னால் 9.84 அடி. ஆக, ஏழரை பைப்புக்குச் சற்றுக் குறைவாக வருவதால் 8 பைப் என்று எழுத வேண்டும். தடம் உ-வுக்கு ஒயர் தடிமன் என்பதாலும் தூரம் அதிகம் என்பதாலும் 25 எம்.எம்., அதாவது ஒரு இஞ்ச் பைப் போடுகிறோம். 34 அடிக்குப் பத்து சதவீதம் சேர்த்து 37.4 அடி, எனவே 4 பைப்.

தளத்திலிருந்து சுவருக்கு இறங்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெண்டு வேண்டும். அ தடத்துக்கு இரண்டு, ஆ-வுக்கு ஒன்று, இ-க்கு ஒன்று, ஈ-க்கு இரண்டு என்று முக்கால் இஞ்ச் பெண்டு 6, ஏ.சி. தடத்துக்கு ஒரு இஞ்ச் பெண்டு 2. இணைப்புக்கான கப்ளர்களை வாங்கும் பைப்புக்கு ஒன்று என்ற கணக்கில் 8-ம் 4-மாக எழுதிக்கொண்டால் குறையாது. கொக்கியுடன் கூடிய ஃபேன் பாக்ஸ் ஒன்று, டியூப் லைட் பாயிண்டுக்குச் சிறிய ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று.

ஒயர்: தடத்துக்குள் எத்தனை கம்பி

கணக்கு சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று ஒயர்தானே, பைப் நீளத்தை மூன்றால் பெருக்கினால் போதாதா என்று தோன்றும். அப்படிச் செய்தால் 66 அடிக்கு 198 அடி வரும். ஒவ்வொரு தடமாகப் பார்த்தால் விடை வேறாக இருக்கிறது.

தடம் அ-வில் டி.பி.யிலிருந்து போர்டுக்கு வரும் மூன்று ஒயர்கள், இவற்றை 2.5 ஸ்கொயர் எம்.எம். ஆக எடுக்கிறோம். போர்டிலிருந்து பாயிண்டுகளுக்குப் போவதெல்லாம் 1.5. சர்க்யூட்டில் மிக மெல்லிய ஒயர் 1.5 என்பதால், போர்டு வரை தடிமனான ஒயர் வந்தாலும் டி.பி.யில் சுமை கூடினால் தானாக அணையும் எம்.சி.பி. 10 ஆம்பியராகவே இருக்க வேண்டும்.

தடம் ஆ-வில் மின்விசிறிக்கான ஃபேஸ் ஒன்று, டியூப் லைட்டுக்கான ஃபேஸ் ஒன்று, இரண்டுக்கும் பொதுவான நியூட்ரல் ஒன்று, எர்த் ஒன்று என்று நான்கு ஒயர்கள். தடம் இ-யில் டியூப் லைட்டின் ஃபேஸும், ஃபேன் பாக்ஸில் கனெக்டர் வைத்துப் பிரித்த நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்து மூன்று. மின்விசிறிக்கும் விளக்குக்கும் எர்த் எதற்கு என்று அதை விட்டுவிடும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இரும்பு உடல் கொண்ட மின்விசிறிக்கு அதை விடவே கூடாது.

தடம் ஈ-யைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கட்டில் ஓர போர்டில் உள்ள சாக்கெட்டுக்கு ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் வேண்டும். டூ வே இணைப்புக்காக இரண்டு சுவிட்சுகளுக்கும் இடையே மேலும் இரண்டு கம்பிகள் ஓட வேண்டும். இதுவரை ஐந்து. ஆறாவது கம்பி தேவையா என்பது, டியூப் லைட்டுக்கான ஃபேஸை எந்தச் சுவிட்சில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கதவருகே உள்ள சுவிட்சின் நடு முனையில் ஃபேஸைக் கொடுத்தால், கட்டில் ஓரச் சுவிட்சின் நடு முனையிலிருந்து விளக்குக்குப் போகும் கம்பி மறுபடியும் தடம் ஈ வழியாகவே திரும்பி வர வேண்டும். ஆறு ஒயர் ஆகிவிடும். மாறாக, சாக்கெட்டுக்காக எப்படியும் கட்டில் ஓரம் வரை வந்துவிட்ட ஃபேஸிலிருந்தே அங்குள்ள டூ வே சுவிட்சின் நடு முனைக்குக் கொடுத்துவிட்டு, கதவருகே உள்ள சுவிட்சின் நடு முனையிலிருந்து விளக்குக்கு எடுத்தால் ஐந்தே போதும். இரண்டு போர்டுகளும் ஒரே சர்க்யூட்டில் இருப்பதால் இதில் தவறு ஏதும் இல்லை, வெவ்வேறு எம்.சி.பி.யிலிருந்து வந்தால் இப்படிச் செய்யக் கூடாது. ஒரு ஒயர் குறைவதோடு பைப்புக்குள் நெருக்கமும் குறைகிறது. முக்கால் இஞ்ச் பைப்பில் 1.5 ஒயர் ஆறுக்கு மேல் விடுவதில்லை என்பது என் வழக்கம். இரண்டு பெண்டு உள்ள தடத்தில் ஐந்தோடு நிற்பது இழுப்பவருக்கு நிம்மதி.

இனி ஒவ்வொரு ஒயரின் நீளமும் பைப்பின் நீளத்தோடு நிற்பதில்லை. இரு முனைகளிலும் இணைப்புக்காக வெளியே நீட்டி வைக்க வேண்டும். போர்டு, மின்விசிறி, விளக்கு ஆகியவற்றுக்கு ஒரு அடியும், டி.பி.க்குள் சுற்றி எம்.சி.பி.க்கும் எர்த் பட்டைக்கும் போய்ச் சேர 3 அடியும் சேர்த்து இந்த அட்டவணை எழுதப்பட்டிருக்கிறது. இதில் சிவப்பு ஃபேஸுக்கும், கறுப்பு நியூட்ரலுக்கும், பச்சை எர்த்துக்கும்.

| தடம் | பைப் நீளம் (அடி) | ஒரு ஒயரின் நீளம் (அடி) | சிவப்பு | கறுப்பு | பச்சை |
|---|---|---|---|---|---|
| அ (2.5) | 24.5 | 28.5 | 1 | 1 | 1 |
| ஆ (1.5) | 11.5 | 13.5 | 2 | 1 | 1 |
| இ (1.5) | 7.5 | 9.5 | 1 | 1 | 1 |
| ஈ (1.5) | 22.5 | 24.5 | 3 | 1 | 1 |
| உ (4) | 34 | 38 | 1 | 1 | 1 |

ஈ தடத்தில் சிவப்பு மூன்று என்பது ஒரு ஃபேஸும் டூ வே கம்பிகள் இரண்டும். முழு வீட்டுக்கும் வாங்கும்போது டூ வே கம்பிக்கு மஞ்சள் நிறம் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே அறைக்காக மஞ்சளில் ஒரு சுருள் வாங்க முடியாது என்பதால் இங்கே சிவப்பிலேயே முனைகளில் டேப் சுற்றி அடையாளம் வைக்கிறோம்.

1.5 ஒயரில் சிவப்பு, ஆ-வில் 27 அடி, இ-யில் 9.5 அடி, ஈ-யில் 73.5 அடி சேர்ந்து 110 அடி. போர்டுக்குள் ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்கு ஃபேஸ் எடுக்க 6 அடி சேர்த்து 116 அடி. கறுப்பு 47.5 அடியோடு சாக்கெட் இணைப்புக்கு இரண்டரை அடி சேர்த்து 50 அடி. பச்சையும் அப்படியே 50 அடி. பத்து சதவீதம் சேர்த்து மீட்டருக்கு மாற்றினால் சிவப்பு 39 மீட்டர், கறுப்பு 17 மீட்டர், பச்சை 17 மீட்டர். 2.5 ஒயர் ஒவ்வொரு நிறத்திலும் 10 மீட்டர், 4 ஒயர் ஒவ்வொரு நிறத்திலும் 13 மீட்டர்.

முக்கால் இஞ்ச் தடங்களில் மட்டும் வீணாவதைச் சேர்க்காமலே 301.5 அடி ஒயர் போகிறது. மூன்றால் பெருக்கிய 198 அடியை வைத்துக்கொண்டு போயிருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். குறைவதும் எல்லா நிறத்திலும் சமமாகக் குறையாமல் பெரும்பாலும் சிவப்பில்தான் குறைந்திருக்கும்.

ஒயர் 90 மீட்டர் சுருளாக வருகிறது. இந்த அறைக்கு எந்த நிறமும் ஒரு சுருளைத் தொடவில்லை. ஆகையால் அறைக்கு அறை சுருளாக முழுமைப்படுத்தாமல், வீட்டின் எல்லா அறைகளின் மீட்டரையும் நிற வாரியாகவும் அளவு வாரியாகவும் கூட்டி, கடைசியில் ஒரே முறை 90-ஆல் வகுக்க வேண்டும்.

பாக்ஸ்: மாட்யூல் கணக்கு

மாட்யூலர் சுவிட்சில் ஒரு சுவிட்ச் ஒரு மாட்யூல் இடம் பிடிக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் இரண்டிரண்டு மாட்யூல். முதன்மை போர்டில் டியூப் லைட்டின் டூ வே சுவிட்ச் 1, மின்விசிறி சுவிட்ச் 1, ரெகுலேட்டர் 2, சாக்கெட் 2, அதன் சுவிட்ச் 1 என்று 7 மாட்யூல். ஏழுக்கு பாக்ஸ் கிடைக்காது என்பதால் 8 மாட்யூல் பாக்ஸும், காலி இடத்தை மூட ஒரு டம்மியும். ரெகுலேட்டர் சில கம்பெனிகளில் ஒரே மாட்யூலில் கிடைக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் 6 மாட்யூலே போதும். எனவே சுவிட்சின் கம்பெனியை முடிவு செய்யாமல் பாக்ஸ் வாங்கக் கூடாது. 8 மாட்யூலில் நீளமானது ஒன்று, இரண்டு வரிசையாக அமையும் சதுரமானது ஒன்று என்று இரண்டு வடிவங்கள் இருப்பதால் பட்டியலில் வடிவத்தையும் எழுத வேண்டும். நீள பாக்ஸைச் சுவரில் பூசிவிட்டுச் சதுர பிளேட்டை வாங்கி வந்தால், பூச்சை உடைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கட்டில் ஓர போர்டில் டூ வே சுவிட்ச் 1, சாக்கெட் 2, அதன் சுவிட்ச் 1 என்று 4 மாட்யூல் சரியாக நிறைகிறது. ஆனாலும் இங்கே 6 மாட்யூல் பாக்ஸையே எழுதுவேன். பின்னால் யு.எஸ்.பி. சார்ஜர் வேண்டும் என்று கேட்கப்படுவது பெரும்பாலும் இந்த போர்டில்தான். ஏ.சி.க்கு 16 ஆம்பியர் சாக்கெட் 2, சுவிட்ச் 1 என்று 3 மாட்யூல். ஆக மெட்டல் பாக்ஸ்கள் 8 மாட்யூல் ஒன்று, 6 மாட்யூல் ஒன்று, 3 மாட்யூல் ஒன்று, அதே அளவில் பிளேட்டுகள் மூன்று, டம்மி மூன்று.

கான்கிரீட்டுக்கு முன்னும் பின்னும்

பைப் பதித்த பிறகு, கான்கிரீட் விழும் முன், கணக்கை இடத்தில் வைத்துச் சரிபார்க்கலாம். முதன்மை போர்டு வரும் இடத்தில் அ, ஆ, ஈ என்று மூன்று பைப் முனைகள் நிற்க வேண்டும். கட்டில் ஓரம் ஒன்று, டியூப் லைட்டுக்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று, டி.பி. இருக்கும் இடத்தில் இந்த அறையிலிருந்து இரண்டு. ஃபேன் பாக்ஸில் இரண்டு. எங்காவது ஒரு முனை குறைந்தால் அந்தத் தடம் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். எண்ணி முடித்ததும் ஒவ்வொரு முனையிலும் காகிதத்தை அடைத்து டேப் சுற்றிவிட வேண்டும். சிமெண்ட் பால் உள்ளே இறங்கி இறுகிவிட்டால் அந்தத் தடத்தில் ஒயர் போகாது.

பழைய வீட்டில் சுவரை மட்டும் வெட்டிப் பைப் பதிப்பதாக இருந்தால் குறுக்குத் தூரம் செல்லாது. சுவரோடு சுவராகத் திரும்பித்தான் வர வேண்டும். ஈ தடத்தின் எட்டரை அடி அப்போது 8-ம் 2-மாகப் 10 அடி ஆகும். மூலையில் பெண்டும் ஒன்று கூடும்.

பைப்பும் ஒயரும் ஒரே நாளில் வாங்கப்படுவதில்லை; இடையில் தளம், பூச்சு என்று மாதங்கள் போகும். எனவே ஒயருக்குப் பணம் கட்டும் முன், இழுப்பதற்கான ஜி.ஐ. கம்பியை ஒவ்வொரு தடத்திலும் ஒரு முறை விட்டு, மறுமுனையில் தெரிந்ததும் அடையாளம் வைத்து, வெளியே எடுத்து அளந்து பார்க்கிறேன். அட்டவணையில் பைப் நீளம் இருக்கும் கட்டத்தை மட்டும் திருத்தினால் போதும். ஈ தடம் 22.5-க்குப் பதிலாக 25 அடி வந்தால், அந்த வரிசையில் சிவப்பு மூன்று என்று இருப்பதால் சிவப்பில் 7.5 அடியும், கறுப்பிலும் பச்சையிலும் இரண்டரை இரண்டரை அடியும் கூட்டி எழுதிவிட்டுக் கடைக்குப் போகலாம்.